எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டவர்

அந்தக் கடன் சங்கத்துக்கு நான் புது லோகோவை எடுத்துக்கொண்டு போன காலையில், கவுண்டரில் வயதான ஓர் அம்மா நின்றிருந்தார். சேமிப்புக் கணக்கில் இருப்பதை முழுதாக எடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். பணப்பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், இன்னொன்று செயலாளரிடம். செயலாளர் வெளியே போயிருந்தார். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் காத்திருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். செயலாளர் வந்தார், பெட்டி திறந்தது, பணம் கைக்கு வந்தது. அவர் இரண்டு முறை எண்ணினார். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுந்துபோய், "சரி, இதைத் திரும்ப என் கணக்குலயே போட்டுருங்க தம்பி" என்றார்.

ஏன் என்று நான் கேட்டேன். "இருக்கான்னு பாத்தேன் தம்பி. பேங்க்னா பெரிய இடம், எங்கயும் போயிடாதுன்னு ஒரு நினைப்பு. இது சின்ன இடம். அப்பப்போ தொட்டுப் பாத்துக்கணும்ல."

என் பையில் இருந்த லோகோவில் இரண்டு கைகள் ஒரு விதையைத் தாங்கிக்கொண்டிருந்தன. பார்க்க நன்றாகவே இருந்தது. அந்த அம்மாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சிறிய நிறுவனங்களுக்கு அடையாளம் அமைத்துக்கொடுப்பதுதான் என் வேலை. நிர்வாகக் குழு என்னிடம் கேட்டிருந்தது ஒரே வரிதான்: "வட்டிக்காரரைவிடவும் பேங்கைவிடவும் நாங்க பாதுகாப்பானவங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும்." அந்த வரிக்குள் மூன்று வெவ்வேறு பயங்கள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. முதல் வேலை அவற்றைப் பிரிப்பது.

வட்டிக்காரரிடம் போகிறவருக்கு இருக்கும் பயம், கடன் எவ்வளவாக வளரும் என்பது. இன்று வாங்கியது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், முடியும்போது எவ்வளவு கொடுத்திருப்போம் என்று தெரியாது. தவணை தவறினால் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பதும் தெரியாது. வங்கிக்குப் போகிறவரின் பயம் வேறு மாதிரி. பணம் தொலைந்துவிடும் என்று அவர் பயப்படுவதில்லை, தன் பேச்சு யார் காதிலும் விழாது என்றுதான் பயப்படுகிறார். மனு எங்கோ போகும், யாரோ நிராகரிப்பார்கள், ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. மூன்றாவது பயத்தை நிர்வாகக் குழு சொல்லவே இல்லை, அந்த அம்மாதான் சொன்னார். சங்கத்தைப் பற்றியே இருக்கும் பயம் அது. உள்ளே இருப்பவர்கள் பணத்தை என்ன செய்கிறார்கள்? கேட்ட நாளில் திரும்பி வருமா?

கடன் சங்கத்தின் தனித்தன்மையே, பணம் போடுகிறவரும் கடன் வாங்குகிறவரும் ஒரே உறுப்பினர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதுதான். பணம் போடுகிறவர்கள் பயந்து நின்றால் கடன் கொடுக்கப் பணம் இருக்காது. அதனால் மூன்றாவது பயத்துக்குப் பதில் சொல்லாமல் முதல் இரண்டைப் பற்றி எத்தனை பலகை மாட்டினாலும் பயனில்லை. இதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். "உங்கள் பணத்துக்கு நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார்கள், போட்டேன். தணிக்கை இரண்டு ஆண்டுகளாக முடியவில்லை என்பதை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஓர் ஆண்டுக்குள் பணம் எடுக்க வந்தவர்களை அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். என் துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கவுண்டரில் நின்றதைப் பார்த்தேன். அதன்பிறகு புத்தகங்களைப் பார்க்காமல் எந்தச் சங்கத்துக்கும் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இந்தப் பயம் புதிதல்ல. பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் 1864இல் ஜெர்மனியின் ஹெட்டெஸ்டோர்ப் என்ற ஊரில் கடன் சங்கம் தொடங்கியபோது, விவசாயிகள் அதை நம்புவதற்கு ஒரு கடுமையான ஏற்பாடு இருந்தது. சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து முழுவதையும் வைத்துப் பொறுப்பேற்க வேண்டும். சங்கத்தின் எல்லையும் சிறியது, ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் மட்டும். அடுத்த வீட்டுக்காரர் கடனை அடைக்காவிட்டால் தன் வீடு போகும் என்றால், அவர் கடனை எதற்குச் செலவழிக்கிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கண்காணிப்புதான் பாதுகாப்பாக இருந்தது. இன்று பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினரின் பொறுப்பு அவர் கட்டிய பங்குத் தொகையோடு முடிந்துவிடுகிறது. அது நியாயமானதுதான், யாரும் வீட்டை இழக்க வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பு குறைந்தபோது பார்வையும் குறைந்துவிட்டது. பொதுக்குழுவுக்கு வருகிறவர்களில் ஐந்தொகையைப் படித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். யாரும் பார்க்காத சின்ன இடம் என்பதுதான் அந்த அம்மாவின் பயத்துக்கு வேர்.

பார்ப்பது என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் தொயொகாவா நினைவுக்கு வரும். 1973 டிசம்பரில் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் நடந்தது. தொயொகாவா ஷின்கின் என்பது உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனம். ரயிலில் போய்க்கொண்டிருந்த பள்ளி மாணவிகளில் ஒருத்திக்கு ஷின்கினில் வேலை கிடைத்திருந்தது. தோழி ஒருத்தி, ஷின்கின் ஆபத்தான இடம் என்று கேலி செய்தாள். கொள்ளைக்காரர்கள் வருவார்கள் என்ற அர்த்தத்தில் சொன்னது. வேலை கிடைத்தவள் வீட்டுக்குப் போய் உறவினரிடம் கேட்டாள். உறவினர் இன்னொருவரிடம் விசாரித்தார். இப்படிப் போகப்போகக் கொள்ளைக்காரர் மறைந்துபோய் ஆபத்து மட்டும் மிஞ்சியது. சில நாட்கள் கழித்து ஒரு சலவைக் கடைத் தொலைபேசியில், வதந்தியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், தொழில் தேவைக்காக 12 லட்சம் யென் எடுக்கச் சொல்லிப் பேசினார். கடைக்காரரின் மனைவி அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் பணத்தை எடுக்க ஓடினார். தெரிந்தவர்களுக்கும் சொன்னார். கிளைகளில் வரிசை நீண்டது.

அந்த நிறுவனத்தில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு இல்லை என்று விளக்கியதே சந்தேகத்தைக் கூட்டியது, ஏனென்றால் வரிசையில் நிற்பவருக்கு அறிக்கை என்பது பயந்துபோனவர் வெளியிடுவது. மத்திய வங்கி பணம் அனுப்பியது. அதைப் பெட்டகத்தின் முன்னால், வந்தவர்கள் கண்ணில் படும்படி அடுக்கிவைத்தார்கள். வதந்தி எங்கே தொடங்கி யார் யார் வழியாக வந்தது என்பதைக் காவல்துறை தடம் பிடித்து வெளியிட்டது. வரிசை கலைந்தது. அந்த நிறுவனம் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

அடுக்கிவைத்த பணத்தைத்தான் பலர் இந்தக் கதையின் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வதந்தி வந்த பிறகுதான் காட்ட வேண்டிய நிலை வந்தது என்பது. கையில் இருக்கும் பணத்தைச் சாதாரண நாட்களிலேயே காட்டிப் பழகியிருந்தால், கெட்ட நாளில் அது புதிய செய்தியாக இருக்காது. இன்னொரு எல்லையும் உண்டு. உண்மையிலேயே பணம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் காட்டுவது வேலை செய்யும். எந்தக் கடன் நிறுவனமும் போட்ட பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருக்காது, அதைக் கடனாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே எவ்வளவு கையில், எவ்வளவு வெளியில், வெளியில் இருப்பதில் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த யோசனையோடு நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போனேன். லோகோவைக் காட்டவில்லை. கவுண்டருக்கு மேலே ஒரு பலகை, அதில் மாதாமாதம் மாற்றி எழுதப்படும் நான்கு எண்கள், எல்லாமே நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கில். இதுதான் நான் கேட்டது. உலகக் கடன் சங்கங்களின் மன்றம் பேர்ல்ஸ் என்ற பெயரில் ஒரு கண்காணிப்பு முறை வைத்திருக்கிறது. அதில் ஏராளமான விகிதங்கள் உண்டு. உறுப்பினருக்கு அத்தனையும் தேவையில்லை. அதிலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டேன், ஒன்றை நானே சேர்த்தேன்.

முதலாவது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமிப்பில் ஒவ்வொரு நூறுக்கும் எவ்வளவு உடனே கொடுக்கத் தயாராக இருக்கிறது. பேர்ல்ஸ் சொல்லும் அளவு குறைந்தது 15. எங்கள் சங்கத்தில் 17 இருந்தது. இதை எழுத எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். இரண்டாவது, சங்கத்தின் சொந்தக் காப்பு நிதி. ஆண்டாண்டு லாபத்தில் ஒதுக்கி வைத்தது, யாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க முடியாதது, நஷ்டம் வந்தால் உறுப்பினர் சேமிப்பைத் தொடுவதற்கு முன் முதலில் அடிவாங்கும் பணம். மொத்தச் சொத்தில் நூற்றுக்கு 10 இருக்க வேண்டும் என்பது பேர்ல்ஸ் அளவு. எங்களிடம் 6தான் இருந்தது. இதை எழுதலாமா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பக்கத்திலேயே "இலக்கு 10" என்றும் எழுதலாம் என்று முடிவானது.

மூன்றாவது எண்ணில்தான் சண்டை வந்தது. கொடுத்த கடனில் எவ்வளவு நிலுவையில் இருக்கிறது? செயலாளர் நூற்றுக்கு 3 என்றார். ஆண்டறிக்கையிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. நான் பேரேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மாலை முழுக்க அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர் தவறாக எதுவும் எழுதவில்லை. கணக்கிடும் முறைதான் வேறு. ஒருவர் 10,000 கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில தவணைகள் கட்டியபின் அசலில் 7,500 பாக்கி. இப்போது இரண்டு தவணை தவறிவிட்டது, தவணைக்கு 900 என்றால் 1,800. செயலாளர் நிலுவை என்று எழுதுவது இந்த 1,800ஐ. ஆனால் இரண்டு மாதமாகக் கட்டாதவரிடம் ஆபத்தில் இருப்பது 1,800 மட்டும் இல்லை, பாக்கி அசல் 7,500ம்தான். பேர்ல்ஸ் முறையில் ஒரு மாதத்துக்குமேல் தவறிய கடனின் மீதத்தொகை முழுவதும் நிலுவையில் சேரும். அப்படி எண்ணிப் பார்த்தால் 3 என்பது 9 ஆனது. அவர்கள் வைக்கும் வரம்பு 5.

"ஒன்பதுன்னு எழுதினா நாளைக்கே எல்லாரும் வந்து நிப்பாங்க சார்" என்றார் செயலாளர். தலைவரும் அதையேதான் நினைத்தார். நான் சொன்னது இதுதான்: மூன்று என்று எழுதி, ஒருநாள் தணிக்கையாளரோ போட்டிக்காரரோ ஒன்பது என்று கண்டுபிடித்துச் சொன்னால், அன்றைக்கு மற்ற மூன்று எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். பலகையின் பெறுமானமே அதில் நமக்குச் சாதகமில்லாத எண்ணும் இருப்பதில்தான் இருக்கிறது. வட்டிக்காரர் தன் வராத கடனை எழுதி மாட்ட மாட்டார். வங்கி தன் அறிக்கையில் எழுதும், ஆனால் அது முழு வங்கிக்கான எண், இந்தத் தெருவில் எவ்வளவு வரவில்லை என்று கிளையில் போய்க் கேட்டால் சொல்ல மாட்டார்கள். நாம் மட்டும்தான் சொல்ல முடியும்.

குழுவில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை அதுவரை பேசவில்லை. "ஒன்பதுன்னு எழுதுறதுக்கு முன்னாடி, அந்த ஒன்பதுல வரவே வராதது எவ்வளவுன்னு நமக்கே தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. அன்றே பிரித்துப் பார்த்தோம். ஓராண்டுக்குமேல் அசையாமல் கிடந்தது 2, மீதி 7 ஓராண்டுக்கு உட்பட்டது. ஓராண்டு தாண்டியதற்கு முழுத் தொகையும், அதற்குக் குறைந்ததற்கு நூற்றுக்கு 35ம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது பேர்ல்ஸ் அளவு. சங்கம் அதில் பாதிகூட ஒதுக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் பங்கு ஆதாயத்தைக் குறைத்து அந்த ஒதுக்கீட்டைச் சரிசெய்வது என்று முடிவு செய்தார்கள். பலகை மாட்டுவதற்கு முன்பே அது தன் முதல் வேலையைச் செய்துவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நான்காவது எண் நான் சேர்த்தது: நிர்வாகக் குழுவினருக்கும் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கொடுத்த கடன், மொத்தக் கடனில் எவ்வளவு, அதில் நிலுவை எவ்வளவு. சின்னச் சங்கங்கள் பெரும்பாலும் வெளியாட்களால் கெடுவதில்லை. உள்ளே இருப்பவர்கள் தங்களுக்கே கொடுத்துக்கொள்வதிலும், அவர்களுக்கு வேண்டியவர்களைக் கேட்கத் தயங்குவதிலும்தான் கெடுகின்றன. உறுப்பினர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொள்வதும் இதைத்தான். எங்கள் சங்கத்தில் அது 4, நிலுவை எதுவும் இல்லை. நான்கும் எழுதப்பட்டன. கீழே தேதி, கணக்கைச் சரிபார்த்த இரண்டு பேரின் பெயர், கையெழுத்து. இரண்டாமவர் நிர்வாகக் குழுவில் இல்லாத ஒரு சாதாரண உறுப்பினர், ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்.

பலகை மாட்டிய முதல் மாதம் சிலர் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அது நடக்கும் என்று எதிர்பார்த்து, கையில் இருக்கும் பணத்தை 17இலிருந்து 22 வரை உயர்த்தி வைத்திருந்தோம். அதற்காகப் பெரிய கடன் மனுக்களை இரண்டு மாதம் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்பாடு செய்யாமல் எந்தச் சங்கமும் இப்படி ஒரு பலகையை மாட்டக்கூடாது. எண்ணைக் காட்டிய அன்று வந்து கேட்பவருக்குப் பணம் தாமதமானால், காட்டாமலே இருந்திருக்கலாம்.

அந்த நாற்பது நிமிடம் என் மனதை விட்டுப் போகவில்லை. சேமிப்பாளர் கண்ணில் சங்கத்தின் முகம் என்பது பணம் எடுக்கும் அந்த நேரம்தான். அதனால் மிகச் சாதாரணமான ஒரு மாற்றம் செய்தோம். இரண்டு சாவி முறை அவசியம், அதை விடக்கூடாது. ஆனால் ஒரு வரம்பு வரையிலான தொகைக்குக் காசாளரின் மேசைப் பெட்டியிலிருந்தே கொடுக்கலாம், அதற்குமேல் என்றால் இரண்டாவது சாவிக்கு ஒரு மாற்று ஆள் எப்போதும் கட்டிடத்தில் இருக்க வேண்டும். பணம் எடுக்கும் சீட்டில் இரண்டு கட்டங்கள் சேர்த்தோம், கொடுத்த நேரம், பணம் கிடைத்த நேரம். "பத்து நிமிடத்தில் உங்கள் பணம் உங்கள் கையில்" என்ற வரியை நான் எழுதிவைத்திருந்தேன். ஆனால் மூன்று மாதச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து, அது பெரும்பாலான நாட்களில் நிஜமாகவே நடக்கிறது என்று தெரிந்தபிறகுதான் அதை வெளியே மாட்ட விட்டேன். எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்பதையும் நிறுத்தச் சொன்னேன். காசாளர் அக்கறையில்தான் கேட்டார், ஆனால் பயத்தில் இருப்பவருக்கு அது தடையாகத் தெரியும்.

வைப்பு வட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியைவிட மிக அதிக வட்டி கொடுத்தால் ஆட்கள் வருவார்கள் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். வருவார்கள், ஆனால் வட்டிக்காக வருபவர் அதைவிட அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுவார். தங்கி இருப்பவரோ, இவ்வளவு எப்படிக் கொடுக்க முடிகிறது என்று யோசிப்பார். மோசடி நடந்த இடங்களையெல்லாம் மக்கள் அதிக வட்டியோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்று நிறுத்தினோம்.

வைப்புக் காப்பீடும் அப்படித்தான். சில நாடுகளில் கடன் சங்கங்களுக்கு அது உண்டு, பல இடங்களில் வங்கிகளுக்கு மட்டும்தான். எங்கள் சங்கத்துக்கு இல்லை. இருப்பதுபோல் தோன்றும் சின்னங்கள், "அரசு பதிவு பெற்றது" என்பதையே உத்தரவாதம் மாதிரிப் பெரிதாகப் போடுவது, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். பதிவு எண் ரசீதின் மூலையில் சாதாரண எழுத்தில் இருந்தால் போதும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு பத்தி அச்சிட்டோம்: "இந்தச் சங்கத்தின் சேமிப்புக்கு வைப்புக் காப்பீடு இல்லை. நஷ்டம் வந்தால் முதலில் காப்பு நிதி, பிறகு பங்குத் தொகை, அதன் பிறகே சேமிப்பு பாதிக்கப்படும். இன்றைய காப்பு நிதி எவ்வளவு என்பதைப் பலகையில் பாருங்கள்." அச்சகத்தில் இருந்தவர் இதைப் படித்துவிட்டு, இதையா போடப்போகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கடன் வாங்க வருபவரின் பக்கத்தில் எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. வட்டிக்காரரைவிட நாங்கள் குறைவு என்று சங்கம் சொல்லிக்கொண்டிருந்தது, ஆண்டுக்கு 12 சதவீதம்தான் என்று. கடன் பத்திரத்தைப் பார்த்தேன். 10,000 கடனுக்கு 12 சதவீதம், அதாவது 1,200 வட்டி, மொத்தம் 11,200, பன்னிரண்டு மாதத் தவணை. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வட்டி மட்டும் கடைசிவரை முழு 10,000க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் 12 சதவீதம் போட்டால் வட்டி ஏறக்குறைய 662தான் வரும். அதாவது உறுப்பினர் நிஜத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் கொஞ்சம் அதிகம். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. கணக்குப் போட சுலபம் என்று எப்போதோ தொடங்கியது, அப்படியே தொடர்ந்துவிட்டது. ஆனால் வங்கியில் வேலை பார்க்கும் யாராவது உறவுக்காரர் ஒருநாள் அந்தக் கணக்கை விளக்கினால் அந்த உறுப்பினருக்கு எப்படி இருக்கும்?

சங்கத்தால் ஒரேயடியாக 662க்கு இறங்க முடியாது. வட்டி வருமானத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், காப்பு நிதி வளராது. பல நாள் பேசி, வட்டியைக் குறையும் அசல் முறைக்கு மாற்றி, விகிதத்தை 18 என்று வெளிப்படையாக எழுத முடிவு செய்தார்கள். உறுப்பினர் கொடுக்கும் தொகை குறைந்தது, ஆனால் வெளியே சொல்லும் விகிதம் 12இலிருந்து 18 ஆக ஏறியதுபோல் தெரிந்தது. இதை விளக்குவதற்குத்தான் கடன் தாளை மாற்றி எழுதினேன். விகிதத்தை மேலே போடவில்லை. மேலே மூன்று வரி: கையில் வாங்குவது இவ்வளவு, மாதாமாதம் கட்டுவது இவ்வளவு, கடைசியில் மொத்தம் கட்டியிருப்பது இவ்வளவு. கையில் வாங்குவது என்ற வரி முக்கியம், ஏனென்றால் வட்டிக்காரர்கள் பலர் முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். அதற்குக் கீழே, ஒரு தவணை தவறினால் எவ்வளவு கூடும், இரண்டு தவறினால் எவ்வளவு, அதற்குமேல் யார் எந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து பேசுவார் என்பது. கடைசி வரியில் அந்தக் கடனைத் தீர்மானித்த இரண்டு பேரின் பெயர். மறுக்கப்பட்ட மனுவுக்கும் அதேபோல் ஒரு தாள், காரணமும் பெயரும் போட்டு. வங்கியிடம் கிடைக்காதது இதுதான் என்று உறுப்பினர்கள் சொல்லியிருந்தார்கள்: இல்லை என்று சொன்னாலும் யார் சொன்னது என்று தெரிய வேண்டும்.

கடன் பிரிவில் இருந்த இளைஞருக்கு இது கஷ்டமாக இருந்தது. மறுப்புத் தாளில் தன் பெயர் இருப்பதால் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள் என்றார். அது உண்மைதான். அவர் தனியாகச் சுமக்க வேண்டாம் என்று மறுப்பில் எப்போதும் குழு உறுப்பினர் ஒருவரின் பெயரும் சேர்க்கப்பட்டது. இந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லாத சங்கம் "நாங்கள் முகமற்றவர்கள் அல்ல" என்று சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

லோகோவும் கடைசியில் வந்தது. விதையும் கைகளும் போய், சங்கத்தின் பெயர் மட்டும் தெளிவான எழுத்தில், தூரத்திலிருந்து படிக்கும் அளவில். வங்கி மாதிரி நீலக் கண்ணாடி போட வேண்டாம் என்றேன். கவுண்டரில் இருந்த உயரமான தடுப்பை இறக்கி, காசாளர் பணம் எண்ணுவது இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும்படி வைத்தோம். செலவு அவ்வளவுதான்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உறுப்பினர்களிடம் நம்புகிறீர்களா என்று கேட்டால் நம்புகிறோம் என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மா செய்ததையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். பேரேட்டில் பெரும்பகுதிப் பணத்தை எடுத்து, ஒரு வாரத்துக்குள் திரும்பப் போட்ட கணக்குகளை மாதாமாதம் எண்ணினோம். சோதித்துப் பார்ப்பவர்கள் இவர்கள். பலகை வந்த முதல் இரண்டு மாதம் அந்த எண்ணிக்கை கூடியது, அப்புறம் குறையத் தொடங்கியது. முதிர்ந்த வைப்பில் எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள் என்பதையும் பார்த்தோம், அது மெதுவாகத்தான் நகர்ந்தது. நிலுவை 9இலிருந்து 7க்கு வர ஓர் ஆண்டு ஆனது. ஒரு மாதம் அது 8க்குத் திரும்ப ஏறியது, அதையும் அப்படியே எழுதினார்கள். காப்பு நிதி இன்னும் 10ஐ எட்டவில்லை.

போன மாதம் போயிருந்தபோது அந்த அம்மா இருந்தார். ஒரு சின்னத் தொகை போட வந்திருந்தார். காசாளர் ரசீது எழுதிக்கொண்டிருக்கும்போது பலகையை அண்ணாந்து பார்த்து, "போன தடவை இந்த ரெண்டாவது ஏழுன்னு இருந்துச்சு, இப்பவும் ஏழாதான் இருக்கு. ஏன் ஏறல?" என்று கேட்டார். காசாளருக்குத் தெரியவில்லை. உள்ளே போய்ச் செயலாளரைக் கூட்டிவந்தார். செயலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, லாபம் கணக்கில் சேர்வது ஆண்டு முடிவில்தான், அதுவரை காப்பு நிதி வளராது என்று விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டு, ரசீதை மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்தார். "சரி, ஆண்டு முடிஞ்சதும் வந்து பாக்குறேன்."